‘ராயல்டி கிடையாது’ என்று சொல்லும் டீக்கடை ஃப்ரான்சைஸ் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாய்லர்பக்கம்

கடை போட்டு 14 மாதம் ஆகிறது. பிராண்ட் பேர் வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த மாடல்தான். இரண்டரை லட்சம் கட்டணம், ராயல்டி கிடையாது, தூளும் கப்பும் மட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும்.

போன வாரம் சூப்பர்வைசர் வந்தார். டீ கொடுத்தேன், குடித்தார். அப்புறம் நேராக உள்ளே போய்த் தூள் டின்னைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து முகர்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டின்னை வெளியே கொண்டுவந்து, எங்கள் போர்டு தெரிகிற மாதிரி மேஜையில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் டெபாசிட்டில் 5,000 ரூபாய் பிடித்ததாக மெசேஜ்.

நான் செய்த தப்பு இதுதான்: திங்கள் ஆர்டர் போட்ட தூள் வியாழன் வரை வரவில்லை, ஆடித் திருவிழாக் கூட்டம் வேறு. பக்கத்து மளிகையில் இரண்டு கிலோ வாங்கிப் போட்டேன். அந்த இரண்டு நாளும் ஒரு கஸ்டமர்கூட ‘டீ மாறியிருக்கே’ என்று கேட்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

சொந்தப்பேர்

உங்களுக்காவது திட்ட ஒரு ஆள் இருக்கிறார். நான் யார் பேரும் வேண்டாம் என்று சொந்தமாகப் போட்டவன். எட்டாவது மாதம் ஒரு நாள் காலை நாலரைக்கு ஷட்டரைத் தூக்குகிறேன், பாய்லர் ஜில்லென்று இருக்கிறது. மாஸ்டர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு எதிர்ச் சாரியில் புதுக்கடையில் டீ ஆற்றிக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்!

அன்று நானே போட்ட டீயை வாடிக்கையாய் வரும் ஒரு ஆட்டோ அண்ணன் பாதி குடித்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நடந்தார். போர்டில் இருந்தது என் பேர்தான், ஆனால் ருசி மாஸ்டருடையது. ஃப்ரான்சைஸ்காரர்கள் தூளை இத்தனை கிராம், பாலை இத்தனை மில்லி என்று அளந்து கொடுக்கிறார்களே, அதற்கு ஒரு விலை உண்டு. நான் கேலி பண்ண மாட்டேன்.

குன்னூர்த்தூள்

இப்படி ஒரு பிராண்டுக்கு மூன்று வருஷம் சப்ளை பார்த்தேன், அதனால் சொல்கிறேன். ராயல்டி இல்லை என்பது உண்மைதான். அவர்கள் அந்தக் காசைத் தூளில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாய்லர்பக்கம், உங்கள் கடையில் நாளைக்கு 300 டீ, 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,35,000. கப்புக்கு 3 கிராம் தூள் என்றால் மாதம் 27 கிலோ. கம்பெனி கிலோ 640க்குக் கொடுத்தால், அதே தரத்துத் தூளை மொத்தக்கடையில் 340க்கு வாங்க முடிந்தால், வித்தியாசம் 8,100. பிரிண்ட் போட்ட கப் 1 ரூபாய் 10 காசு, வெளியே 60 காசு. 9,000 கப்புக்கு 4,500. ஆக 12,600. உங்கள் விற்பனையில் 9 சதவீதத்துக்கு மேல். பத்திரத்தில் ‘9 சதவீதம் ராயல்டி’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? ராயல்டி என்றால் அதை மாதாமாதம் பில்லில் பார்க்கலாம். இது தூள் விலைக்குள் ஒளிந்துகொண்டிருப்பதால் கண்ணில் படாது. விலையை அவர்கள் ஏற்றினாலும் பத்திரத்தை மீறியதாக ஆகாது.

இன்னொன்று. நாங்கள் பாக்கெட் போட்டது குன்னூர் ஏலத்துச் சரக்குதான், எஸ்ஆர்டி கிரேடு. இரண்டு தோட்டத்துத் தூளைக் கலப்போம், அவ்வளவுதான். கஸ்டமருக்கு வித்தியாசம் தெரியாததில் ஆச்சரியமே இல்லை. சூப்பர்வைசர் முகர்ந்தது சும்மா நாடகம். அவருக்கு ஆபீசில் ஆர்டர் குறைந்ததைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

புதிதாக எடுக்கிறவர்கள் கையெழுத்துக்கு முன்னால் மூலப்பொருள் விலைப்பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அழகான புரோஷர் தருவார்கள், இதைத் தரத் தயங்குவார்கள்.

வரிமாமா

கணக்கு சரி. ஆனால் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டியிருப்பீர்கள் அல்லவா, இரண்டரை லட்சத்துக்கு 45,000. அது இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப வரும். யாரும் அதை எடுப்பதில்லை.

குன்னூர்த்தூள்

வராது சார். டீக்கடை, ஓட்டலெல்லாம் 5 சதவீதம் போடுவது இன்புட் கிரெடிட் இல்லாமல்தான், 2017 நவம்பரிலிருந்து அப்படித்தான். 45,000 போனது போனதுதான்.

சொந்தக் கடையாக இருந்து மொத்த விற்பனை வருஷம் 20 லட்சத்துக்குள் நின்றால் பதிவே தேவையில்லை. இவர் டீ மட்டும் 16 லட்சம் சொச்சம்தான் வருகிறது. ஆனால் கம்பெனி பத்திரத்திலேயே ஜிஎஸ்டி நம்பர் கட்டாயம் என்றிருக்கும். நம்பர் எடுத்துவிட்டால், 15 ரூபாய் டீயில் 71 காசு அரசாங்கத்துக்கு. பக்கத்துக் கடைக்காரர் அதே 15க்கு விற்று அந்த 71 காசையும் பையில் போட்டுக்கொள்வார்.

வரிமாமா

காம்போசிஷனில் போயிருக்கலாமே?

குன்னூர்த்தூள்

அதிலும் ஓட்டலுக்கு அதே 5 சதவீதம்தான் சார்.

ரிட்டயர்டு மேனேஜர்

தம்பிகளா, நான் டீக்கடை நடத்தவில்லை. வங்கியில் இருந்தபோது கடன் கொடுத்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஃப்ரான்சைஸ் பத்திரம் ஐந்து வருஷத்துக்கு இருக்கும். கடை வாடகைப் பத்திரம் 11 மாதத்துக்கு இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்து எல்லாரும் 11 மாதம் போடுவார்கள். பன்னிரண்டாம் மாதம் கட்டட உரிமையாளர் வந்து, கடை நன்றாக ஓடுகிறதே என்று வாடகையை ஏற்றுவார். நீங்கள் இடத்தை மாற்ற வேண்டும் என்றால் கம்பெனி அனுமதி வேண்டும், உள் அலங்காரத்துக்கு மறுபடி செலவு. ஒருவரிடம் ஐந்து வருஷக் கட்டு, இன்னொருவரிடம் பதினோரு மாத விசா. என்னிடம் கடன் வாங்கி மூடிய கடைகளில் வியாபாரம் இல்லாமல் மூடியவை குறைவு, இப்படி இடுக்கில் மாட்டி மூடியவை அதிகம். ஆகவே முதலில் வாடகைப் பத்திரத்தை ஐந்து வருஷத்துக்குப் பதிவு செய்யுங்கள், ஏற்றம் எத்தனை சதவீதம் என்று அதிலேயே எழுதுங்கள், அப்புறம் கம்பெனியிடம் போங்கள். மனைவி பேரில் கடன் வாங்க வேண்டாம். பழைய பாய்லர் வாங்கினால் அடிப்பக்கம் பற்றவைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர்கேன்

நானும் ஃப்ரான்சைஸ்தான், 20 லிட்டர் கேன் ஏஜென்சி. எனக்கு இந்த மாதிரி பிரச்சினை எதுவும் இல்லையே. தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்கிறேன்.

சொந்தப்பேர்

அண்ணே, அதை இங்கே வந்து சொல்லாதீங்க 🙏

குன்னூர்த்தூள்

சொந்தப்பேர், மாஸ்டர் போனபின் கடை என்ன ஆயிற்று?

சொந்தப்பேர்

நடக்கிறது. நானே ஆற்றக் கற்றுக்கொண்டேன், நான்கு மாதம் பிடித்தது. டிகாஷனை எத்தனை நிமிஷம் கொதிக்கவிடுவது என்று போனில் அலாரம் வைத்துப் பழகினேன். அந்த நான்கு மாதத்தில் 60,000 நஷ்டம். உங்கள் கணக்குப்படி பார்த்தால் பாய்லர்பக்கம் ஐந்து மாதத்தில் கம்பெனிக்குக் கொடுப்பது. ஆனால் ஆட்டோ அண்ணன் இன்னும் எதிர்ப்பக்கம்தான் குடிக்கிறார்.

பாய்லர்பக்கம்

எல்லாவற்றையும் படித்தேன். பில்களை எடுத்துப் பார்த்தேன். தூள் கிலோ 640 இல்லை, 655. போன தீபாவளிக்கு ஏற்றியிருக்கிறார்கள், நான் கவனிக்கவே இல்லை. வாடகைப் பத்திரம் மேனேஜர் ஐயா சொன்ன மாதிரி 11 மாதம்தான், அது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ரான்சைஸ் பத்திரத்தில் இன்னும் 46 மாதம் பாக்கி. நடுவில் விட்டால் டெபாசிட் கிடையாது என்று எட்டாவது பக்கத்தில் இருக்கிறது.

இன்று காலை தூள் லோடு வந்தது. டெலிவரி பையன் டின்னைத் திறந்து காட்டச் சொன்னான், போட்டோ அனுப்ப வேண்டுமாம். திறந்து காட்டினேன்.