மீட்டிங் முடிந்து போடுகிற மெயிலை எப்படி எழுதுகிறீர்கள்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் ஆறு பேர் சேர்ந்து தேன் வாங்கி பாட்டிலில் அடைத்து விற்கிறோம், மீட்டிங் முடிந்ததும் முடிவுகளை மெயிலில் போடுவது என் வேலை.

போன மாதம் "புது பாட்டில்கள் அடுத்த வாரத்துக்குள் வாங்கப்படும்" என்று எழுதிவிட்டேன். யார் வாங்குவது என்று அதில் இல்லையே, ஆளாளுக்கு மற்றவர் வாங்குவார் என்று இருந்துவிட்டார்கள். "அடுத்த வாரம்" என்பதும் சனிக்கிழமை படித்தவருக்கு ஒன்று, திங்கட்கிழமை படித்தவருக்கு வேறு. தேன் டின்னிலேயே கிடந்தது.

இப்போது "500 கிராம் பாட்டில் 300, மார்ச் 14 மாலை 5 மணிக்குள் குடோனில் இருக்க வேண்டும்" என்று எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் போடுகிறேன். "பார்க்கலாம்" என்று முடிந்த பேச்சு முடிவுகளில் சேராது, கீழே "முடிவாகாதவை" என்று தனியாகப் போகும். லேபிள் விஷயம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அது வேறு கதை.

என் சந்தேகம் இதுதான்: பிறகு ஒருவர் தேதி மாற்றச் சொன்னால் பழைய மெயிலுக்கே பதில் போடுவீர்களா, முழுப் பட்டியலையும் திருத்திப் புதிதாக அனுப்புவீர்களா? பதிலாகப் போட்டால் சிலர் மேலே இருக்கும் பழைய தேதியையே பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம், "நாளை மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று கடைசியில் எழுதினால் மூத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இதைத் தன்மையாக எப்படிச் சொல்வது? நீங்கள் எழுதுகிற வரியை அப்படியே போடுங்களேன்.