நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். அண்ணன் விடுதலை ஆகப்போகிறாரா?

செல்வி (கேட்டவர்)
என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் கைதி. போன செவ்வாய்க்கிழமை நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "வந்தால் எந்த அறையில் படுப்பார், ஜாமீன் கையெழுத்து யார் போடுவார்கள், எதிர்த்தரப்பு வீடு எவ்வளவு தூரம்" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதிலிருந்து அம்மா, "நன்னடத்தையில் விடப்போகிறார்கள்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இது பரோலா, நன்னடத்தை விடுதலையா, ரெமிஷனா? மூன்றும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிமுத்து
நல்ல செய்திதான் தங்கச்சி. ஆயுள் என்றால் 14 வருஷம். சிறையில் ஒழுங்காக இருந்தால் மாதாமாதம் ரெமிஷன் என்கிற கழிவு நாட்கள் சேரும். அதைக் கழித்தால் 10, 11 வருஷத்தில் வந்துவிடலாம். 2018இல் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் அப்படித்தான் வந்தார்.

சகாயமேரி
என் மகனும் நன்னடத்தையில்தான் வெளியே இருக்கிறான் அம்மா. வாய்க்கால் தகராறில் அடிதடி வழக்கு. குற்றவாளி என்று சொல்லிவிட்டு, சிறைக்கு அனுப்பாமல் இரண்டு வருஷத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அவனும் நன்னடத்தை அலுவலரைத்தான் போய்ப் பார்த்து வருகிறான். உங்கள் வக்கீலிடம் மனுப் போடச் சொல்லுங்கள், கிடைக்கும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்
சிறை அலுவலகத்தில் தண்டனைக் கணக்கு எழுதும் மேசையில் பல வருஷம் இருந்தவன் நான். இந்தக் குழப்பத்தில் அழுத அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேரி அம்மா சொல்வது 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமான அன்றே நீதிமன்றம் தண்டனையை அறிவிக்காமல், அதிகபட்சம் மூன்று வருஷத்துக்குப் பத்திரம் வாங்கி விடும். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படிச் செய்யலாம், அதனால் உள்ளே போனவர் வெளியே வந்ததும் உண்டு. ஆனால் மரணமோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றத்துக்கு அது கிடையாது. கொலை வழக்கில் அந்தக் கதவு முதல் நாளே மூடிவிட்டது.

அப்படியானால் அந்த அலுவலர் ஏன் வந்தார்? பதவியின் பெயர்தான் உங்கள் அம்மாவைக் குழப்பிவிட்டது. நம் தமிழ்நாட்டில் கைதி விடுப்பு கேட்டாலும், முன்விடுதலை பற்றி அரசுக்குப் பரிந்துரைக்கும் அறிவுரைக் கழகம் அவரைப் பரிசீலித்தாலும், வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுபவர் அவர்தான். எதற்காக வந்தார் என்பதை அவர் கேட்ட கேள்வியில் பிடிக்கலாம். தங்கும் அறை, ஜாமீன்தாரர், எதிர்த்தரப்பால் ஆபத்து உண்டா என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் அது விடுப்பு, அதாவது ஊரில் பரோல் என்கிறோமே, அது. வந்த பிறகு என்ன தொழில் செய்வார், குடும்பம் நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேட்டிருந்தால் முன்விடுதலையாக இருக்கலாம்.

மாரிமுத்து தம்பி சொன்னதில் பாதி சரி. ஏழு வருஷம், பத்து வருஷம் என்று கெடு உள்ள தண்டனையில் கழிவு நாட்கள் விடுதலைத் தேதியை நேராக முன்னுக்குக் கொண்டுவரும். ஆயுளுக்குக் கெடு கிடையாது. உச்ச நீதிமன்றம் 1961இலேயே கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது, ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை. எதிலிருந்து கழிப்பது? அரசு ஆணை போட்டால்தான் வெளியே வரலாம். கொலை வழக்கில் அந்த ஆணைக்கு முன்னால் 14 வருஷம் உடலால் உள்ளே இருந்திருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433ஏ, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 475. அந்த 14இல் கழிவு நாள் ஒன்றுகூடச் சேராது.

2018இல் வந்தவர் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய அரசாணையில் வந்திருப்பார். 10 வருஷம் முடித்த ஆயுள் கைதிகளில் தகுதியானவர்களை விட்டார்கள். அது அரசியலமைப்பின் 161ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரம், அதனால் 14 வருஷ வரம்பு குறுக்கே நிற்கவில்லை. அது அரசு நினைத்தால் வருவது, உரிமையாகக் கேட்க முடியாது.

செல்வி அம்மா, கைதான தேதி, ஜாமீனில் இருந்த காலம், இதுவரை எடுத்த விடுப்பு நாட்கள் இவற்றைச் சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

செல்வி
ரொம்ப நன்றி ஐயா. 2012இல் கைதாகி நான்கு மாதம் ரிமாண்டில் இருந்தார், பிறகு ஜாமீன். 2014 ஆகஸ்ட் 10 தீர்ப்பு, அன்றே உள்ளே போய்விட்டார். அப்பீல் நடந்தபோது ஏழு மாதம் வெளியே இருந்தார், பிறகு அப்பீல் தள்ளுபடி. அப்பா இறந்தபோதும் அதற்குப் பிறகும் சேர்த்து 96 நாள் விடுப்பு. கழிவு நாட்கள் நிறைய இருப்பதாக அண்ணன் சொன்னார்.

ஓய்வுபெற்ற எழுத்தர்
தீர்ப்பு நாளிலிருந்து 14 வருஷம் என்றால் 2028 ஆகஸ்ட் 10. ரிமாண்டு நான்கு மாதம் கணக்கில் சேரும், அதனால் ஏப்ரல் 10. அப்பீல் ஜாமீனில் இருந்த ஏழு மாதம் சேராது, நவம்பர் 10 ஆகிவிட்டது. விடுப்பு 96 நாளும் சேராது. 2029 பிப்ரவரி 14 வாக்கில் 14 முடியும். அது விடுதலைத் தேதி இல்லை. அன்றுதான் அறிவுரைக் கழகம் அவரைப் பற்றிப் பேச முடியும்.

குடும்பங்கள் ஏமாறும் இடம் இந்த விடுப்புதான். 1982ஆம் ஆண்டு விதிகளின் பெயரே தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். வீட்டில் இருக்கும் நாளில் தண்டனை ஓடாது.

டெல்லிவாசி கதிர்
ஐயா, இங்கே டெல்லியில் ஃபர்லோ நாட்கள் தண்டனையில் சேரும் என்கிறார்களே?

ஓய்வுபெற்ற எழுத்தர்
அங்கே ஃபர்லோ வேறு, பரோல் வேறு. டெல்லி விதியில் ஃபர்லோ சேரும், பரோல் சேராது. நம் ஊரில் உள்ளவை அவசர விடுப்பும் சாதாரண விடுப்பும். கோவா வழக்கொன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, 14 வருஷக் கணக்கில் பரோல் நாளைச் சேர்க்கக் கூடாது என்று.

செல்வி
ஞாயிற்றுக்கிழமை நேர்காணலில் அண்ணனைப் பார்த்தேன். சாதாரண விடுப்புக்குத்தான் மனுக் கொடுத்திருக்கிறார், வீட்டுக் கூரையைச் சரிசெய்ய. கிடைக்காமல் போனால் அம்மா உடைந்துபோவார் என்று சொல்லவில்லையாம். அம்மாவிடம் நான்தான் சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

இரண்டு கேள்வி ஐயா. இந்த விடுப்பை எடுத்தால் 2029இலும் அத்தனை நாள் தள்ளுமா? முன்விடுதலைக்கு எந்த விதி, தீர்ப்பு வந்தபோது இருந்ததா, இப்போது உள்ளதா?

ஓய்வுபெற்ற எழுத்தர்
தள்ளும், நாளுக்கு நாள். ஆனாலும் எடுக்கச் சொல்வேன். உரிய நாளில் திரும்பிவந்த ஒவ்வொரு விடுப்பும் அறிவுரைக் கழகத்தின் முன் நல்ல சான்று. ஒரு நாள் தாமதமாக வந்தாலும் அதுவும் கோப்பில் நிற்கும். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொன்ன நேரத்தையும் தவறவிட வேண்டாம்.

விதி விஷயத்தில் ஹரியானா ஜகதீஷ் வழக்கு 2010இல் சொன்னது, தீர்ப்பு நாளில் இருந்த கொள்கை. பின்னால் வந்தது கைதிக்குச் சாதகம் என்றால் அது. உங்கள் அண்ணன் விஷயத்தில் எது சாதகம் என்பதைத் தீர்ப்பு நகலையும், சிறையில் தண்டனை விவரம் எழுதிவைக்கும் நாமினல் ரோலையும் பார்க்காமல் சொல்ல மாட்டேன். தீர்ப்பில் "கழிவின்றி இத்தனை வருஷம்" என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் என் கணக்கு மாறிவிடும். இன்னொன்று, கொள்கை உள்ள மாநிலத்தில் தகுதி வந்த கைதியை மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

மாரிமுத்து
10 வருஷ அரசாணை மறுபடி வந்தால் 2029 வரை காத்திருக்க வேண்டாமே ஐயா?

செல்வி
தீர்ப்பு நகல் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இன்று இரவு எடுத்துப் பார்த்துவிட்டு அந்த வரி இருக்கிறதா என்று எழுதுகிறேன்.