‘வெள்ளிக்குள்’ என்றால் வெள்ளியும் சேர்ந்ததா? வகுப்புச் செய்திமடல் பற்றிய ஒரு விவாதம்

செந்தமிழ்ச் செழியன்
“என் பேரன் படிக்கும் பள்ளியில் தமிழிலும் இந்தியிலும் ஒரு வகுப்புச் செய்திமடல் தருகிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஐந்தாறு சொல்லுக்கு மேல் இல்லை. ‘கையெழுத்துப் போடுங்கள். பணம் கொடுங்கள்.’ இது பெற்றோருக்கு எழுதும் மொழியா, கட்டளையா? மதுரையில் இப்படித் தமிழை நறுக்கிப் போடுவதை எந்த ஆசிரியரும் கேட்பதில்லையா?”

வைகைக்கரை ஆசிரியை
ஐயா, அப்படி எழுதுகிற ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. என் வகுப்பில் 41 பிள்ளைகள். ஆறு வீடுகளில் பெற்றோர் கட்டட வேலைக்காக வடக்கிலிருந்து வந்தவர்கள். சென்ற ஆண்டு வரை எங்கள் மடலில் வந்த வாக்கியம் ஒன்றை அப்படியே தருகிறேன்.

“கீழடி அருங்காட்சியகத்திற்கு 19-ஆம் தேதி நடைபெறவுள்ள கல்விச் சுற்றுலாவில் பங்கேற்க விரும்பும் மாணவர்களின் பெற்றோர், கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தையும் கட்டணம் ரூ.150-ஐயும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்காதபட்சத்தில், அம்மாணவர்கள் அழைத்துச் செல்லப்படமாட்டார்கள்.”

இதை இந்தியில் எழுதித் தந்தவர் பக்கத்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர். ‘காதபட்சத்தில்’, ‘மாட்டார்கள்’ என்று இரண்டு எதிர்மறைகளுக்கு நடுவில் அவர் தடுமாறிப் போனார். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதை ‘சுக்ரவார் தக்’ என்று எழுதினார். எங்கள் அலுவலகத்தில் வெள்ளி விடிவதற்கு முன் என்று எடுத்துக்கொண்டு, வியாழன் மாலையே பேருந்துப் பட்டியலை மூடிவிட்டார்கள். வெள்ளி காலை பத்து மணிக்கு இரண்டு தகப்பன்மார் படிவத்தோடும் பணத்தோடும் வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மடித்த தாளை விரித்து அந்தச் சொல்லின் மேல் கட்டை விரலை அழுத்திக் காட்டினார். அவர் படித்தது சரிதான். பிள்ளைகள் இருவரும் கீழடிக்கு வரவில்லை.

செந்தமிழ்ச் செழியன்
அம்மா, தவறு உங்கள் அலுவலகத்தினுடையது, தமிழுடையது அன்று. ‘வெள்ளிக்குள்’ என்றால் வெள்ளி முடிவதற்குள் என்றுதான் பொருள். ஒரு வாரத்திற்குள் என்று சொன்னால் ஏழாம் நாளை யாராவது கழித்துவிட்டு எண்ணுகிறார்களா? முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் சொல்கிறேன், வெள்ளியும் சேர்ந்ததுதான்.

திருநகர்வாசி
எனக்கு ஒன்று புரியவில்லை. பள்ளியில் இந்தி பாடம் நடத்துகிறார்களா? அதை எந்த விதியின் கீழ் செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் எல்லாமே ஆங்கிலத்தில்தான் வருகிறது, ஒரு சிக்கலும் இல்லை.

வைகைக்கரை ஆசிரியை
திருநகர்வாசி, இது பாடம் அன்று, வீட்டுக்குப் போகும் தாள். அந்த ஆறு வீடுகளில் ஒருவரும் ஆங்கிலம் படிப்பதில்லை.

செழியன் ஐயா, ‘பொங்கலுக்குள் வீட்டு வேலை முடிந்துவிடும்’ என்று கொத்தனார் சொன்னால், பொங்கலன்று சாந்து குழைத்துக்கொண்டிருப்பார் என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? அங்கே பொங்கல் சேராது. ‘வெள்ளிக்குள்’ என்பதை நீங்கள் ஒருவிதமாகவும் எங்கள் எழுத்தர் வேறுவிதமாகவும் படிக்கிறீர்கள், இருவருக்கும் தாய்மொழி தமிழ். அதனால் இப்போது அந்த உருபையே எடுத்துவிட்டோம். மடல் இப்படிப் போகிறது.

1. 19-ஆம் தேதி, புதன்கிழமை, நம் வகுப்பு கீழடி அருங்காட்சியகத்திற்குச் செல்கிறது.
2. உங்கள் பிள்ளை வர விரும்பினால், இந்தத் தாளின் அடியில் கையெழுத்துப் போடுங்கள்.
3. தாளோடு ரூ.150 கொடுத்து அனுப்புங்கள்.
4. கடைசி நேரம்: 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை 10 மணி.
5. மதியச் சாப்பாடு நாங்கள் தருவோம்.

கீழே இதே ஐந்து வரிகள், இதே எண்களோடு, இதே எழுத்து அளவில், இந்தியில் இருக்கும். எனக்கு இந்தி படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தாய் வந்து தன் பக்கத்தின் நான்காம் வரியில் விரலை வைத்தால், அவர் கேட்பது நாளும் நேரமும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே வாக்கியமாக எழுதினால் எண் போட முடியாது. முதலில் இரண்டு மொழியையும் பக்கம் பக்கமாக இரண்டு பத்திகளில் அச்சிட்டோம். அந்தத் தாளில் ‘அழைத்துச் செல்லப்படமாட்டார்கள்’ போன்ற சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விட்டது, ஆகவே இப்போது ஒன்றின் கீழ் ஒன்றாகத் தருகிறோம்.

செந்தமிழ்ச் செழியன்
கொத்தனார் கணக்கைத் தமிழ் இலக்கணத்திற்கு உரைகல்லாக்க வேண்டாம். வெள்ளியும் சேர்ந்ததுதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன். நீங்கள் காட்டும் இரண்டாம் வரியில் ‘விரும்பினால்’ இருக்கிறது. என் பேரன் கொண்டுவந்த தாளில் அது இல்லை. ‘கையெழுத்துப் போடுங்கள். பணம் கொடுங்கள்.’ என்று மட்டும் இருந்தது. பிள்ளையை அனுப்ப விரும்பாதவர்களும் கட்டாயம் என்று நினைத்துப் பணம் கட்டினார்கள். வாக்கியத்தை நறுக்கும்போது முதலில் விழுவது நிபந்தனைதான். நீண்ட வாக்கியம் எழுதினால் ‘ஆல்’ தானே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மகால் தெருக்காரன்
எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் அதையே எழுதினோம். ஒரு பள்ளியில் நல்லெண்ணத்தோடு சௌராஷ்டிர எழுத்திலேயே ஒரு மடல் அச்சிட்டுத் தந்தார்கள். என் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூசை மாடத்தில் வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். அந்த வாரம் தடுப்பூசி முகாம் இருந்தது எங்களுக்குத் தெரியாமலே போனது. பேசும் மொழி வேறு, படிக்கும் மொழி வேறு என்பதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

பட்டுநூல்
மகால் தெருக்காரரே, உங்கள் வீட்டில் படிக்கவில்லை என்பதற்காக எழுத்தைக் குறை சொல்லாதீர்கள். சௌராஷ்டிர எழுத்துக்கு 2008-லேயே ஒருங்குறியில் இடம் கிடைத்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் தாய்மொழி சௌராஷ்டிரம் என்று பதிந்திருக்கிறார்கள். பள்ளியே அச்சிடாவிட்டால் பிள்ளைகள் எங்கே பார்ப்பார்கள்?

மகால் தெருக்காரன்
பிள்ளைகள் பார்க்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுப்பூசித் தேதியை வைத்து எழுத்தை வளர்க்காதீர்கள். சென்ற முறை சங்கக் கூட்டத்திலும் இதையேதான் என்னிடம் சொன்னீர்கள்.

பட்டுநூல்
அந்தக் கூட்டத்தில் பாதியில் எழுந்து போனவர் நீங்கள்.

வைகைக்கரை ஆசிரியை
இரண்டு பேரும் பொறுங்கள். மகால் தெருக்காரர் சொன்னதுதான் இந்த வேலையின் முதல் படி. நாங்கள் சேர்க்கையின்போது மூன்று கேள்விகள் கேட்கிறோம். வீட்டில் என்ன பேசுகிறீர்கள்? தாளை வீட்டில் யார் படிப்பார்? அவர் எந்த எழுத்தில் படிப்பார்? என் ஆறு வீடுகளில் மூன்றில் பேசுவது போஜ்புரி, படிப்பது இந்தி. ஒரு வீட்டில் தாய்க்கும் தகப்பனுக்கும் எந்த எழுத்தும் தெரியாது, நான்காம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண் வாசித்துக் காட்டுகிறாள். அந்தப் பெண் வாசிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மூச்சு விடும் இடத்தில் அவள் நிறுத்துவாள், நிறுத்திய இடத்தில் தாய் தலையசைத்துவிடுவார். ‘சாப்பாடு கொண்டு வர’ என்பதோடு மூச்சு நின்று, ‘வேண்டாம்’ அடுத்த மூச்சில் வந்தால், அதற்குள் தாய் மறுநாள் சமையலை யோசிக்கத் தொடங்கியிருப்பார். அதனால்தான் ஐந்தாம் வரியில் ‘நாங்கள் தருவோம்’ என்று இருக்கிறது, ‘கொண்டு வர வேண்டாம்’ என்பது இல்லை.

செழியன் ஐயா, நிபந்தனை விழுந்ததாகச் சொன்னீர்கள். அந்தத் தாளை எழுதியவர் வாக்கியத்தை வெட்டினார், ஆனால் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை. நாங்கள் அச்சுக்குப் போகும் முன் ஒரு பெற்றோரிடம் தாளைக் கொடுத்து, ‘புரிகிறதா’ என்று கேட்பதில்லை, ஏனென்றால் எல்லாரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள், என்றைக்குச் செய்வீர்கள்’ என்று கேட்கிறோம். ‘பணம் கட்டத்தானே வேண்டும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால், உங்கள் பேரன் பள்ளித் தாளில் விட்டுப்போனது அன்றே தெரிந்திருக்கும்.

செந்தமிழ்ச் செழியன்
அப்படியானால் குறுக்கினால் தெளிவு வரும் என்பது பொய் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

வைகைக்கரை ஆசிரியை
அப்படிச் சொல்லவில்லை. ஒரு வரிக்கு ஒரு செயல் என்பதுதான் எங்கள் கணக்கு, சொல்லை எண்ணுவதில்லை. அளவு மீறி வெட்டினாலும் கெட்டுப்போகும், அதையும் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை மழைக்கு ‘நாளை விடுமுறை’ என்று தமிழிலும் ‘கல் சுட்டி’ என்று இந்தியிலும் எழுதி அனுப்பினோம். ‘கல்’ என்ற அந்த ஒரே சொல் அவர்களுக்கு நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். ‘இருக்கும்’, ‘இருந்தது’ என்ற வினை வந்தால்தான் எது என்று பிரியும். வினையை நாங்கள் விட்டுவிட்டோம். அதோடு, அந்தத் தாளைப் பையிலிருந்து மறுநாள் காலையில்தான் எடுத்துப் பார்த்த வீடுகளும் இருந்தன. அன்றுமுதல் நாளை, அடுத்த வாரம், வருகிற வெள்ளி ஆகிய சொற்கள் எங்கள் மடலில் கிடையாது. தேதியும் கிழமையும் சேர்ந்தே வரும். ஒன்று தப்பாக அச்சானாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

திருநகர்வாசி
இத்தனை பாடுபடுவதற்கு எல்லாரும் ஆங்கிலம் கற்றுக்கொண்டால் போதுமே.

பட்டுநூல்
தாய்மொழி எழுத்தைப் பற்றி நான் கேட்டதற்கு ஆசிரியை பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை ஆசிரியை
சொல்கிறேன். தலைப்பையும் வாழ்த்து வரியையும் சௌராஷ்டிர எழுத்தில் போடுங்கள், பிள்ளைகள் பெருமையோடு பார்க்கட்டும். தேதி, பணம், மருந்து ஆகிய மூன்றும் வீட்டில் படிக்கிறவர் அறிந்த எழுத்தில்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பட்டுநூல்
தலைப்போடு எங்களை நிறுத்திவிட்டீர்கள்.

செந்தமிழ்ச் செழியன்
நான் கேட்டதும் அப்படியே நிற்கிறது. ‘போடுங்கள்’, ‘அனுப்புங்கள்’ என்று ஐந்து வரியில் இரண்டு ஏவல் வருகிறது. ‘இடவும்’, ‘அனுப்பவும்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வைகைக்கரை ஆசிரியை
‘கையொப்பமிடவும்’ என்பதை நம் எழுத்தர்களும் தமிழாசிரியர்களும் மட்டுமே பேசுகிறார்கள். தமிழைக் காதால் கற்றுக்கொண்ட அந்தத் தாய்க்கு, கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கிற ‘போடுங்க’, ‘அனுப்புங்க’ என்பவற்றோடு ஒட்டி வருவது ‘போடுங்கள்’தான். அதில் மரியாதைக்கும் குறைவில்லை.

செந்தமிழ்ச் செழியன்
மரியாதை எது என்பதைக் கடைத்தெருவில் கற்கும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. வெள்ளிக்குள் என்றால் வெள்ளியும் சேர்ந்ததுதான். அதை எந்தச் செய்திமடலும் மாற்ற முடியாது.

மகால் தெருக்காரன்
ஐயா, அந்த இரண்டு தகப்பன்மாரும் உங்களைப் போலவேதான் படித்தார்கள். அவர்கள் கட்ட வந்த பணத்தை அன்று வாங்கிக்கொள்ள ஆளில்லை.

வைகைக்கரை ஆசிரியை
இந்த மாத மடலின் இந்திப் பக்கத்தை அதே தகப்பனாரிடம்தான் படிக்கக் கொடுத்திருக்கிறேன். நான்காம் வரியில் ‘காலை’ என்பதற்கு நாங்கள் எழுதியிருந்த சொல்லை அடித்துவிட்டு, வேறொன்றை எழுதித் தந்திருக்கிறார். நாளை அச்சுக்குப் போகிறது.

செந்தமிழ்ச் செழியன்
‘நாளை’ என்று நீங்களே எழுதுகிறீர்கள். தேதி எங்கே?