பாக்ஸ் ஸ்கோர் படத்திலிருந்து ஷூட்டிங் சதவீதம் எடுத்தபோது எனக்கு நேர்ந்தது, உங்களுக்கு நேர்ந்தது

தொடங்கியவர் (பள்ளி அணிப் பயிற்சியாளர்)

எங்கள் கூடைப்பந்து மாணவர்களுக்கு ஷூட்டிங் சதவீதத்தை விளக்குவதற்காக, கோபி பிரயண்ட் 2016 ஏப்ரல் 13 அன்று யூட்டா அணிக்கு எதிராக ஆடிய கடைசி ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஒவ்வொரு வீரரின் கணக்கும் உள்ள பட்டியலை, எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்தது பலர் கைமாறி மங்கிப்போன ஒரு ஸ்கிரீன்ஷாட். அவருடைய வரிசையில் ஃபீல்ட் கோல் 22-50, அதாவது 50 முயன்று 22 விழுந்தது, த்ரீ பாயிண்டர் 8-21, ஃப்ரீ த்ரோ 10-12 என்று படித்து, அப்படியே கணக்கிட்டேன். த்ரீ பாயிண்டர் சதவீதம் 38.1 என்று வந்தது. நல்ல ஆட்டக்காரருக்குப் பொருத்தமான எண்ணாகவே தோன்றியதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

ஒரு மாணவி மட்டும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தாள். விழுந்த ஃபீல்ட் கோல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, அவற்றில் த்ரீ பாயிண்டராக இருந்தவற்றுக்குக் கூடுதலாக ஒன்று, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று எனச் சேர்த்தால் 44 + 8 + 10 = 62 வருகிறது; ஆனால் வரிசையின் கடைசியில் உள்ள புள்ளிக் கட்டத்தில் 60 என்றுதான் இருக்கிறது என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நான் 8 என்று படித்தது உண்மையில் 6. மேல் வளைவு மங்கலில் மூடிக்கொண்டிருந்தது. சரியான சதவீதம் 28.6. அன்றுமுதல் புள்ளிகள் பொருந்தாத எந்த வரிசைக்கும் நான் சதவீதம் எடுப்பதில்லை. நான் பயன்படுத்துவது இதுதான்:

```
PTS  = 2*FGM + 3PM + FTM      (முதலில் இதைச் சரிபார்க்கவும்)
eFG% = (FGM + 0.5*3PM) / FGA
TS%  = PTS / (2*(FGA + 0.44*FTA))
EFF  = PTS+REB+AST+STL+BLK - (FGA-FGM) - (FTA-FTM) - TOV
```

இதில் PTS புள்ளி, FG ஃபீல்ட் கோல், 3P த்ரீ பாயிண்டர், FT ஃப்ரீ த்ரோ; M என்று முடிந்தால் விழுந்தது, A என்று முடிந்தால் முயன்றது. eFG த்ரீ பாயிண்டருக்குக் கூடுதல் எடை தரும் சதவீதம், TS ஃப்ரீ த்ரோவையும் சேர்த்த சதவீதம், EFF ஒருவரின் மொத்தப் பங்களிப்பைக் காட்டும் எண். இதன்படி அந்த ஆட்டத்தில் கோபிக்கு ஃபீல்ட் கோல் 44.0, eFG 50.0, TS 54.3. உங்களுக்கு இதுபோல் நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

இரண்டாமவர்

ஐயா, உங்கள் கூட்டலில் ஒரு பிழை இருப்பதாக நினைக்கிறேன். 22 என்பது இரண்டு புள்ளி ஷாட்டுகள் மட்டும்; த்ரீ பாயிண்டர் 6 தனி. எனவே மொத்தம் 28 ஷாட்டுகள் விழுந்திருக்க வேண்டும். நான் எங்கள் கல்லூரிப் போட்டிகளின் தாள்களை இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் கணக்கிட்டு வருகிறேன், அவை சரியாகவே வந்திருக்கின்றன.

மூன்றாமவர் (ஆட்டக்குறிப்பு எடுப்பவர்)

தம்பி, உங்கள் தாளுக்கு நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். சர்வதேச விதிமுறையில் நடக்கும் போட்டிகளின் பாக்ஸ் ஸ்கோரில் இரண்டு புள்ளிக்கு ஒரு கட்டமும் மூன்று புள்ளிக்கு ஒரு கட்டமும் தனித்தனியே இருக்கும். அந்தத் தாளில் ஃபீல்ட் கோலுக்கென மொத்தக் கட்டம் இல்லாவிட்டால், இரண்டையும் கூட்டித்தான் அந்த எண்ணிக்கைக்கு வர வேண்டும். ஆனால் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவின் படங்களில் FG என்ற கட்டத்துக்குள்ளேயே த்ரீ பாயிண்டர் அடங்கிவிடுகிறது. நீங்கள் சொன்னபடி இங்கே கூட்டினால் 44 + 18 + 10 = 72 வரும். தலைப்பு எழுத்துகள் படத்தில் வெட்டுப்பட்டிருந்தால்கூட, எந்த வகைத் தாள் கையில் இருக்கிறது என்பதை அந்தப் புள்ளிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சியாளர் ஐயா சொன்ன சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விழுந்த ஷாட்டில் வரும் தவறைத்தான் புள்ளிகள் பிடிக்கும். முயன்ற ஷாட்டில் வரும் தவறைப் பிடிக்காது. 6-21 என்பதை 6-27 என்று படித்திருந்தாலும் புள்ளி 60 தான் வரும், சதவீதமோ 22.2 ஆக இறங்கிவிடும். நான் இப்படி ஒரு முழுத் தொடரின் கணக்கைத் தவறாகக் கொடுத்து, பிறகு அணிக்குக் கடிதம் எழுதித் திருத்த நேர்ந்தது. இப்போது முயற்சிக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை கூட்டி, அடியில் உள்ள அணி மொத்தத்தோடு ஒப்பிடாமல் விடுவதில்லை. ஆகவே ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அந்த மொத்த வரிசை படத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். பலர் அனுப்பும் படங்களில் அதுதான் வெட்டுப்பட்டிருக்கிறது.

நான்காமவர்

நான் கேட்க வந்ததும் அணியின் சதவீதம் பற்றித்தான். பத்துப் பேரின் சதவீதத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தேன்; எங்கள் அணிக்கு 61 சதவீதம் வந்தது, ஆனால் ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். எக்ஸெலில் மீதி இரண்டு பேருக்கு #DIV/0! என்றும் வருகிறது. படம் சரியில்லையா?

மூன்றாமவர்

அக்கா, படத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் 50-க்கு 22, இன்னொருவர் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதங்களின் சராசரி 72 வரும். உண்மையில் இருவரும் சேர்ந்து 51-க்கு 23, அதாவது 45.1 தான். ஒரே ஒரு ஷாட் எடுத்தவருக்கு ஐம்பது ஷாட் எடுத்தவரின் எடையைக் கொடுத்துவிட்டீர்கள். #DIV/0! வந்த இருவரும் ஷாட்டே எடுக்காதவர்கள்; அங்கே சுழியம் போடாமல் வெற்றிடமாக விடுங்கள், ஏனெனில் சுழியம் என்றால் எடுத்து விழவில்லை என்று பொருளாகிவிடும்.

ஐந்தாமவர் (அலுவலகத்தில் எக்ஸெல் வேலை பார்ப்பவர்)

நான் பட்ட பாடு வேறு. படத்திலிருந்து எழுத்தாக மாற்றி எக்ஸெலில் ஒட்டினேன். 22-50 அப்படியே நின்றது; 10-12 என்பதோ 10-Dec என்று தேதியாக மாறிவிட்டது. அதைப் பழையபடி மாற்ற முயன்றால் உள்ளே ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை Text என்று அமைத்துவிட்டு, பிறகு கோட்டின் இருபுறத்தையும் தனித் தனிப் பத்தியாகப் பிரிப்பதே பாதுகாப்பானது. ஒட்டிய பிறகு மாற்றினால் பயன் இல்லை.

இரண்டாமவர்

72 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தாளில் இரண்டு கட்டங்களும் தனியாகத்தான் இருக்கின்றன. ஆனால் EFF பற்றி எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. கோபியின் அந்தக் கடைசி ஆட்டத்தில் அவருக்கு 4 ரீபவுண்ட், 4 அசிஸ்ட், 1 ஸ்டீல், 1 பிளாக், 2 டர்ன்ஓவர். கூட்டினால் 70, தவறிய 28 ஃபீல்ட் கோல், 2 ஃப்ரீ த்ரோ, 2 டர்ன்ஓவர் கழித்தால் 38. இருபத்தெட்டு ஷாட்டுகளைத் தவறவிட்டவருக்கு 38 என்பது அதிகம் இல்லையா?

தொடங்கியவர்

உங்கள் குறை நியாயமானது. அந்தச் சூத்திரத்தில் விழுந்த இரண்டு புள்ளி ஷாட் 2 சேர்க்கிறது, தவறியது 1 மட்டுமே கழிக்கிறது. ஆகவே மூன்றில் ஒன்றுக்குமேல் விழுந்தாலே எண் ஏறத் தொடங்கும். த்ரீ பாயிண்டருக்கு நான்கில் ஒன்று போதும். அந்த அளவில் ஷாட் எடுப்பவர் உண்மையில் அணிக்குச் சுமைதான், ஆனால் EFF அவரை உயர்த்திக்கொண்டே போகும். அதனால் EFF எழுதும்போது பக்கத்திலேயே TS-ஐயும் எழுதச் சொல்கிறேன். 2006 ஜனவரி 22 அன்று கோபி டொராண்டோவுக்கு எதிராக 81 புள்ளி எடுத்தபோது 28-46, 7-13, 18-20, TS 73.9, EFF 70. இரண்டு ஆட்டங்களிலும் அவர் ஆடியது ஏறக்குறைய 42 நிமிடம். இரண்டு எண்களையும் சேர்த்து வைத்தால்தான் இரண்டு இரவுகளுக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

மூன்றாமவர்

இன்னொன்று எனக்கு இன்னும் தெளியவில்லை. TS சூத்திரத்தில் வரும் 0.44 என்பது என்பிஏ ஆட்டங்களில் ஃப்ரீ த்ரோக்கள் எத்தனை தாக்குதல்களை முடிக்கின்றன என்பதிலிருந்து வந்த எண்; அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு 0.475 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோபியின் கடைசி ஆட்டத்தில் மாற்றினால் 54.3 என்பது 53.9 ஆகிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் மாவட்டப் போட்டியில் 6-க்கு 4 ஷாட், 14-க்கு 9 ஃப்ரீ த்ரோ என்று 17 புள்ளி எடுத்த பையனுக்கு 69.9 என்பது 67.2 ஆகிவிடுகிறது. பள்ளி ஆட்டங்களில் எதைப் போடுவது?

தொடங்கியவர்

நான் 0.44 தான் போடுகிறேன், எல்லாருக்கும் ஒரே எண்ணாக இருக்கட்டும் என்பதற்காக. எங்கள் ஆட்டங்களுக்கு அதுவே பொருந்துகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் எப்படிக் கிடைத்தது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும்; பாக்ஸ் ஸ்கோர் படத்தில் அது இருப்பதில்லை. இந்தப் பருவத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன், இதுவரை நான்கு ஆட்டங்கள் ஆகியிருக்கின்றன.