தொண்ணூறு நாள் தாண்டிய கடனும் வங்கியின் வட்டி எல்லையும்: அனுபவப் பகிர்வு

நுவரெலியா கடன்பிரிவு
லீக்ஸ், கரட் விலை விழுகிற மாதங்களில் கடன் மேசைக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தை, "மாசாமாசம் ஏதோ கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்". கட்டுவது உண்மைதான். ஆனால் தாமத நாளை வங்கி எண்ணுவது கடைசியாகக் காசு கட்டிய நாளிலிருந்து அல்ல. முழுதாகத் தீராத மிகப் பழைய தவணையின் நாளிலிருந்து. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி 26,000 ரூபாய் கட்டவேண்டியவர் ஜனவரியிலிருந்து 13,000 மட்டும் கட்டுகிறார் என்று வையுங்கள். மே வரை கட்டிய ஐந்து பாதிகளில் நான்கு ஜனவரி, பெப்ரவரி தவணைகளுக்கே போய்விடும். மே 5இல் கட்டும் பாதி மார்ச் தவணையைத் தீர்க்காது. மார்ச் 5 முதல் ஜூன் 4ஓடு 91 நாள். ஒரு மாதமும் தவறாமல் கட்டியவரின் கணக்கு அன்று, 90 நாள் தாண்டிய வாராக்கடன்களுக்கான மூன்றாம் கட்டத்தில் விழும்.

ஹட்டன் லீசிங்
தாமத வட்டியையும் சேர்த்துப் பாருங்கள் அண்ணே. சில ஒப்பந்தங்களில் கட்டும் காசிலிருந்து முதலில் அதைத்தான் எடுப்பார்கள். அப்போது இன்னும் முன்பே விழலாம். கணக்குக் கூற்றில் "நிலுவை எவ்வளவு" என்று மட்டும் பார்க்காமல், எந்த மாதத் தவணை நிலுவை என்று கேட்டு வாங்குங்கள்.

வெலிமடை உருளைக்கிழங்கு
முச்சக்கரவண்டிக்கு மூன்று தவணை பாக்கி. வண்டியைத் தூக்கிவிடுவார்களா?

ஹட்டன் லீசிங்
தம்பி, வண்டியை மீட்பது ஒப்பந்தத்தையும் அறிவித்தலையும் பொறுத்த வேறு விஷயம். இங்கே பேசுவது வங்கி தன் புத்தகத்தில் கடனை எந்தப் பெட்டியில் போடுகிறது என்பதை. ஆனாலும் பழைய தவணையையாவது இந்த வாரமே முழுதாகத் தீர்த்துவிடுங்கள், நாள் எண்ணிக்கை குறையும்.

பதுளை வைப்பாளர்
எனக்குத் தெரிந்த அளவில் சுலபமான அளவுகோல் தேறிய வட்டி எல்லைதான், அதாவது கடனில் வரும் வட்டிக்கும் வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி. அது கூடிய வங்கி நல்ல கடன் கொடுத்திருக்கிறது, குறைந்த வங்கியில் வாராக்கடன் அதிகம். நிலையான வைப்பு போடும்போது அதைப் பார்த்தால் போதாதா?

கண்டி கணக்காய்வு
பாதி சரி. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கிளை 10 இலட்சம் வீதம் 100 பேருக்கு 16 சதவீதத்தில் கொடுத்திருக்கிறது. மொத்தம் 10 கோடி, எல்லாமே 9 சதவீத வைப்புப் பணம். வருட வட்டி வரவு 160 இலட்சம், வைப்பாளருக்குப் போவது 90 இலட்சம். மீதி 70 இலட்சம், அதாவது 7 சதவீதம். இனிப் பத்துப் பேர் கட்டவில்லை. வரவு 144 இலட்சமாகும்; வைப்பாளருக்கான 90 இலட்சத்தில் ஒரு சதம் குறையாது. மீதி 54 இலட்சம், 5.4 சதவீதம். கடனில் பத்தில் ஒன்று நின்றால் எல்லையில் நான்கில் ஒன்று கிட்டத்தட்டப் போய்விடுகிறது. நீங்கள் சொல்வது இந்த அளவில் சரி.

ஆனால் ஏட்டில் இது முழுதாகத் தெரியாது. முன்பு மத்திய வங்கியின் 2008 விதிகளின்படி 90 நாளோடு வட்டியை வருமானமாக எடுப்பது நின்று, அது இடைநிறுத்திய வட்டிக் கணக்குக்குப் போனது. இப்போதைய முறையில் மூன்றாம் கட்டக் கடனுக்கும், திரும்பி வராது என்று முன்கூட்டி ஒதுக்கும் சேத இழப்பு ஏற்பாட்டைக் கழித்த மிச்சத்தின் மேல் வட்டி எழுதுவார்கள். அந்தப் பத்துக் கடனுக்கும் 40 சதவீத ஏற்பாடு என்றால், மிச்சம் 60 இலட்சம். அதற்கு 16 சதவீதம் 9.6 இலட்சம். கையில் வராத அந்தக் காசும் சேர்ந்து எல்லை 6.36 என்று காட்டும். ஏற்பாட்டுக்கான 40 இலட்சம் வட்டி எல்லைக்குக் கீழே வேறு வரியில் இருக்கும். அந்த இரண்டாவது வரியைப் படிக்காமல் முதல் வரியை நம்பாதீர்கள்.

பதுளை வைப்பாளர்
அப்படியென்றால் கூடிய எல்லையே ஆபத்தாகவும் இருக்கலாமா?

கண்டி கணக்காய்வு
இருக்கலாம். 28 சதவீதத்துக்குச் சிறுகடன் கொடுப்பவரின் எல்லை எப்போதும் அகலமாகத்தான் இருக்கும். அந்த அகலம் வரப்போகும் நட்டத்துக்கான விலை. வட்டி வீதம் அசைந்தாலும் எல்லை அசையும். 2022 ஏப்ரலில் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏறியது. மாறும் வட்டிக் கடன்களின் வட்டி விரைவாக ஏறியது. பழைய நிலையான வைப்புகள் முதிரும்வரை பழைய வீதத்திலேயே கிடந்தன. அதனால் அகலும் எல்லையைக் கடன்தரம் என்று வாசித்தால் தவறு. ஏற்பாட்டுச் செலவைக் கழித்த எல்லையைக் குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒப்பிடுங்கள். சிலர் மொத்தச் சொத்தாலும் சிலர் வட்டி உழைக்கும் சொத்தாலும் வகுப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

நுவரெலியா கடன்பிரிவு
மறுசீரமைத்த கடனை விட்டுவிட்டீர்கள். தவணையை நீட்டியதும் நாள் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்துவிடும், ஆனால் தோட்டத்து வருமானம் அதே இடத்தில்தான் இருக்கும்.

கண்டி கணக்காய்வு
மறுசீரமைத்ததை உடனே நல்ல கடனென்று ஏற்ற விதி விடாது. சில காலம் ஒழுங்காகக் கட்டிக் காட்டவேண்டும்.

நுவரெலியா கடன்பிரிவு
விதி அப்படித்தான். கரட்டுக்கு நல்ல விலை கிடைத்த நான்கு மாதம் ஒழுங்காகக் கட்டியவர் ஐந்தாம் மாத மழையில் என்ன செய்வார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.