டியூஷனுக்குப் போனில் வீடியோ எடுத்த அனுபவம்: உங்களுக்கு எது சொதப்பியது?

தறிவீட்டு டீச்சர்
சேலம் அம்மாபேட்டையில் மாடி அறையில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன். ஜூனில் ஆள் சேர்க்க ஒரு ரீல்ஸ் போட்டேன், போன் மட்டும்தான். ஒரு வாரம் கழித்துக் காய்கறிக் கடையில் ஒரு பையனின் அம்மா பிடித்துக்கொண்டார். "டீச்சர், வீடியோ பார்த்தேனுங்க. பின்னாடி ஓடுறது ரேப்பியர் தறிதானே?"

ஒரு நிமிடம் முழுக்கப் பிதாகரஸ் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழுந்தது தறி. அதிலும் எந்தத் தறி என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்! வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சன்னலுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், முகம் கரிக்கட்டை. அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

ஐந்து ரோடு பிசிக்ஸ்
இதுக்கு ஒரே வழி, ரிங் லைட் வாங்கி 4K-யில் எடுங்க. நான் வாங்கினேன், முகம் பளிச்சென்று வந்தது. என்ன, கண்ணாடி போட்டிருப்பதால் இரண்டு கண்ணிலும் வெள்ளை வளையம். பசங்க இப்போது என்னைக் கூப்பிடும் பெயரை இங்கே எழுத முடியாது.

முகூர்த்த கேமரா
இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன் சொல்கிறேன். பிசிக்ஸ் சாருக்கு முதலில்: லைட்டைக் கண் மட்டத்தில் வைக்காமல் தலைக்கு மேலே ஏற்றி, கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிக் கீழ்நோக்கிச் சாயுங்கள். வளையம் கண்ணாடியை விட்டு இறங்கிவிடும். 4K-க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆப்பில் ஏற்றும்போது எப்படியும் அழுத்திச் சிறிதாக்கிவிடுவார்கள்.

டீச்சரம்மா, உங்களுக்கு லைட்டே வேண்டாம். சன்னல் இருக்கிறதே. முதுகைக் காட்டாமல் சன்னலைப் பார்த்துத் திரும்புங்கள். நேரே பார்க்காமல் கொஞ்சம் சாய்வாக நின்றால் முகம் தட்டையாகத் தெரியாது. வெளிச்சம் படாத கன்னத்துப் பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரை நாற்காலியில் சாய்த்து வையுங்கள், அந்தக் கன்னமும் தெளியும். வெயில் நேராக அடித்தால் சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். சேலத்தில் வேட்டிக்கா பஞ்சம்?

அடுத்தது எல்லாரும் விடுகிற விஷயம். போர்டு பக்கம் நகரும்போது முகம் திடீரென்று கறுக்கும். போர்டு வெள்ளையாக இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் போன் தானாகவே குறைக்கிறது. எடுக்கும் முன் திரையில் உங்கள் முகம் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு பூட்டு வரும். அதற்கப்புறம் வெளிச்சம் ஆடாது.

சத்தம்தான் பெரிய வேலை. போன் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

தறிவீட்டு டீச்சர்
எட்டடி இருக்கும்ங்க. போர்டு முழுக்கத் தெரியணும்னு தள்ளி வைத்தேன்.

முகூர்த்த கேமரா
அதான். எட்டடியில் உங்கள் குரலும் தறியும் போன் மைக்குக்கு ஏறக்குறைய ஒரே அளவு. மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுவந்தால் குரல் மட்டும் ஏறும், தறி இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் இன்னொரு போன் இருக்குமே? அதில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டுச் சட்டைப் பையிலோ, புடவை என்றால் கேமராவில் தெரியாதபடி போர்டு ஓரத்திலோ, வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் வையுங்கள். வீடியோ ஓட ஆரம்பித்ததும் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட் ஆப்பில் இரண்டு பதிவிலும் அந்தத் தட்டல் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். இரண்டையும் நேர்படுத்தி, முதல் போனின் சத்தத்தை அணைத்துவிட்டால் முடிந்தது. விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

ஐந்து ரோடு பிசிக்ஸ்
இரைச்சல் நீக்குகிற ஆப்பே இருக்கும்போது எதுக்கு சார் இவ்வளவு சுற்று?

முகூர்த்த கேமரா
தம்பி, விசிறி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை அது நீக்கும். தறி 'டக்டக்'கென்று அடிக்கும். அதை நீக்கப் போனால் குரலின் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிடும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகும். ஒருமுறை தாலி கட்டும் நேரத்து மேளத்தை அப்படி நீக்கப் போய்... விடுங்கள், அது வேறு கதை.

ஏற்காட்டு இங்கிலீஷ்
தறி இல்லாத இடம் என்று நினைத்தால் இங்கே வாங்க. ஏரிக்கரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோ எடுத்தேன். மூடுபனி நாள். வெளிச்சம் அவ்வளவு அழகு, நிழலே இல்லை, முகம் வெண்ணெய் மாதிரி. வீட்டுக்கு வந்து கேட்டால் முழுக்கக் காற்று 'புஸ்புஸ்' என்று மைக்கில் மோதியிருக்கிறது. ஒரு சொல்லும் தேறவில்லை. இப்போது வயர் இயர்போன் மைக்கின் மேல் சின்னப் பஞ்சுத் துண்டு சுற்றிக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். ஆனால் மைக் கம்பளிச் சட்டையில் உரசினால் அது காற்றைவிட மோசம்.

புதுசா சேர்ந்தவன்
ஆன்லைன் டியூஷனுக்கு மாசம் எவ்வளவு வாங்கலாம்? ஜூம் நல்லதா?

ஏற்காட்டு இங்கிலீஷ்
தம்பி, அது வேற திரி.

தறிவீட்டு டீச்சர்
ஹூக், அதான் முதல் வினாடியிலேயே ஆளைப் பிடித்து நிறுத்துகிற ஆரம்பம், அது பற்றி யாரும் சொல்லவில்லையே. என் பழைய வீடியோ "அனைவருக்கும் வணக்கம், நான் பன்னிரண்டு வருஷமாக..." என்று ஆரம்பித்தது. கணக்கு வர ஒன்பது வினாடி. இன்சைட்ஸில் எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று காட்டும் கோடு இருக்கிறதே, அது மூன்றாவது வினாடிக்குள் மாடிப்படியில் உருண்ட மாதிரி விழுந்திருந்தது.

இந்தத் தடவை வணக்கத்தை வெட்டிவிட்டேன். போர்டில் முன்னாலேயே −3² என்று பெரிதாக எழுதி வைத்து, முதல் சொல்லே: "இதுக்கு 9 என்று எழுதினால் மார்க் போச்சு." அடைப்புக்குறி இல்லாததால் வர்க்கம் மூன்றுக்கு மட்டும், கழித்தல் குறி வெளியே, விடை −9. மொத்தம் 25 வினாடி. பெயரும் ஊரும் கடைசியில். எழுத்தைத் திரையின் நடுவில் வைத்தேன். கீழே வைத்தால் ஆப்பின் தலைப்பு மறைக்கிறது, வலது ஓரத்தில் பொத்தான்கள்.

கோடு இப்போது மெதுவாகத்தான் இறங்குகிறது.

ஐந்து ரோடு பிசிக்ஸ்
எக்செல்லில் `=-3^2` அடித்தேன், 9 வருகிறது. யார் சரி?

தறிவீட்டு டீச்சர்
எக்செல் கழித்தல் குறியை முதலில் சேர்த்துக்கொள்ளும், அது அதன் வழக்கம். பரீட்சைத் தாளைத் திருத்துவது எக்செல் இல்லைங்களே. கமெண்டிலும் இதே சண்டைதான், அறுபதுக்கு மேல் வந்துவிட்டது.

ஏற்காட்டு இங்கிலீஷ்
அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீங்க. சண்டை போட்டவர்களில் அம்மாபேட்டைக்காரர் எத்தனை பேர்? என் வீடியோவில் ஒன்று நன்றாக ஓடியது. பார்த்தவர்களில் பாதிப் பேர் ஏற்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். சேர்ந்தது யாரும் இல்லை. பையனைப் பிடிக்கிற ஹூக் வேறு, பீஸ் கட்டுகிற அப்பாவைப் பிடிக்கிறது வேறு. "உங்க பையன் கணக்கில் இந்த மார்க்கைத்தான் விடுகிறான்" என்று ஆரம்பித்திருக்கலாமோ?

முகூர்த்த கேமரா
பயமுறுத்தி ஆள் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. டீச்சரம்மா செய்ததே சரி. ஊர்ப் பெயரை மட்டும் முதல் வினாடியிலிருந்தே திரையில் எழுத்தாக வையுங்கள்.

ஏற்காட்டு இங்கிலீஷ்
அது பயமுறுத்தல் இல்லை சார், உண்மை. சரி, நானே அடுத்த வாரம் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

தறிவீட்டு டீச்சர்
இரண்டு பேர் சொல்வதையும் யோசிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். −3² வீடியோவுக்குக் கை தட்டி நேர்படுத்துகிற வேலையே வரவில்லை. பராமரிப்புக்காக அன்று கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். காலை ஒன்பதரைக்குத் தெருவில் அத்தனை தறியும் ஒன்றாக நின்றது. விசிறி இல்லை, டியூப்லைட் இல்லை, சன்னல் வெளிச்சமும் சார்ட் பேப்பரும் மட்டும். எதிர்வீட்டில் யாரோ தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. போனில் 40 சதவீதம் சார்ஜ். ஓடிப்போய் போர்டில் எழுதினேன்.

அடுத்த கரண்ட் நிறுத்தம் எந்தத் தேதி என்று யாருக்காவது தெரியுமா?