புதுப்பிப்பு: சென்னை எஃப்-1 நேர்காணல் முடிந்தது

அன்று நான் கேட்டது: "அமெரிக்க மாணவர் விசா நேர்காணலுக்கு எதெல்லாம் அசல், எதெல்லாம் நகல் எடுத்துப் போகணும்?"

நேற்று போய் வந்தேன், விசா கிடைத்தது. பாஸ்போர்ட், டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம், நேர்காணல் பதிவுத் தாள், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டண ரசீது, புகைப்படம் ஆகியவற்றை மேல் கோப்பில் வைத்திருந்தேன். ஐ-20 மின்னஞ்சலில்தான் வந்தது. அச்செடுத்து என் கையெழுத்தைப் பேனாவில் போட்டேன்.

டிஎஸ்-160 எண்ணைச் சரிபார்க்கச் சொன்ன அண்ணனுக்குப் பெரிய நன்றி. பிழை திருத்த நான் புதிய படிவம் அனுப்பியிருந்தேன். நேர்காணல் பதிவிலோ பழைய எண்ணே கிடந்தது. கைரேகைப் பதிவுக்கு முன்பே மாற்றிவிட்டேன்.

"எல்லாவற்றுக்கும் நோட்டரி நகல் வேண்டும்" என்று அன்று பதிலில் வந்தது பாதி சரி. நகல் உதவும், ஆனால் நோட்டரி முத்திரை எங்கும் தேவைப்படவில்லை. மதிப்பெண் பட்டியல்களை அசலாகவே கொண்டுபோனேன்.

ஐ-20-இல் முதல் வருடச் செலவு 41,000 டாலர். அதற்குக் கடன் அனுமதிக் கடிதம் 30 லட்சம், அப்பாவின் வைப்புத்தொகைச் சான்று 10 லட்சம். அதிகாரி வாங்கிப் பார்த்தது கடன் கடிதத்தை மட்டும்தான்.

தங்கையின் கனடா விசா பற்றிக் கேட்ட அக்கா, அங்கே நடைமுறையே வேறு. அப்புறம், மாமா பண உதவி செய்தால் உறவுமுறைச் சான்று வேண்டுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்.